பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா எடுக்கும் முன்: எது உங்களிடம் தங்கும், எது கைவிட்டுப் போகும்

அக்கா வீட்டில் பிளேஸ்டேஷன் 5 வாங்கியபோது சந்தா எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாசம் இவ்வளவுன்னு கட்டினா நானூறு கேம் வருமாம் மாமா" என்றான் அக்கா மகன். விற்ற கடைக்காரரும் அதையே சொன்னார். கூடவே, விலை அதிகமான அடுக்கை எடுத்தால் டவுன்லோடே வேண்டாம், கிளவுடில், அதாவது இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியிலேயே, கேம் ஓடும் என்றும் சொல்லி அனுப்பினார். அது நம் நாட்டுக் கணக்குக்குப் பொருந்தாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முந்தைய இரவு, விதிமுறைகளை வரிவரியாகப் படித்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஒரே சந்தாத் தொகைக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாடும் அனுமதி ஒன்று. மாதாமாதம் நம் நூலகத்தில் சேர்த்துவைக்கும் கேம்கள் இரண்டாவது. வருவதும் போவதுமாக இருக்கும் பெரிய தொகுப்பு மூன்றாவது. இந்த மூன்றும் முடிவுக்கு வரும் விதம் வேறுவேறு. அது புரிந்துவிட்டால் எந்த அடுக்கு, எத்தனை மாதம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்தியக் கணக்கை வைத்து எழுதுகிறேன்.

1. உங்கள் கேமுக்குச் சந்தா தேவையா என்று முதலில் பாருங்கள்

பலரும் சந்தா எடுப்பது ஆன்லைன் மல்டிபிளேயருக்காகத்தான். ஆனால் எல்லா ஆன்லைன் கேமுக்கும் சந்தா வேண்டியதில்லை. ஃபோர்ட்நைட், வார்ஸோன் போன்ற, இலவசமாகவே கிடைக்கும் கேம்களைப் பிளேஸ்டேஷனில் சந்தா இல்லாமலேயே மற்றவர்களோடு ஆடலாம். வீட்டில் உள்ள பிள்ளை இவற்றை மட்டுமே ஆடுகிறான் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகப் பணம் கட்ட வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கிய கேமில் ஆன்லைன் போட்டி இருந்தால் சந்தா தேவை. கால்பந்து கேமில் வேறு ஊர்க்காரரோடு மோதுவது, ஜிடிஏ ஆன்லைன், மைன்கிராஃப்டில் நண்பனின் உலகத்துக்குள் போவது எல்லாம் இந்த வகை. டிஸ்க்கில் வாங்கியிருந்தாலும் இதே விதிதான். ஒரே சோபாவில் இரண்டு கன்ட்ரோலரோடு உட்கார்ந்து ஆடுவதற்கும் தனியாகக் கதையை ஆடி முடிப்பதற்கும் சந்தா வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் பட்டியல் போட்டோம். பையன் அதிகம் ஆடுவது ஃபோர்ட்நைட். வாரக்கடைசியில் பள்ளி நண்பர்களோடு கால்பந்து. அந்தக் கால்பந்துக்கு மட்டும்தான் சந்தா தேவைப்பட்டது. அதற்கு எல்லாவற்றிலும் கீழான அடுக்கே போதும்.

ஆன்லைன் அனுமதி சந்தா நாளோடு முடிந்துவிடும். அடுத்த நாள் கால்பந்து கேம் திறக்கும், தனியாக ஆடவும் முடியும். ஆன்லைன் போட்டிக்குள் போகும்போதுதான் சந்தா கேட்டு நிறுத்தும்.

2. அடுக்கையும் காலத்தையும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

2022 ஜூனிலிருந்து இந்தச் சேவை மூன்று அடுக்குகளாக இருக்கிறது. எசென்ஷியல் என்பது ஆன்லைன் அனுமதி, மாத கேம்கள், எதுவரை ஆடியிருக்கிறோம் என்பதைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்புகளைக் கிளவுடில் வைத்துக்கொள்ளும் இடம். எக்ஸ்ட்ரா எடுத்தால் இவற்றோடு நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ள தொகுப்பு சேரும். மூன்றாவது அடுக்குக்கு அமெரிக்கா போன்ற நாடுகளில் பிரீமியம் என்று பெயர், அதில் கிளவுட் ஸ்ட்ரீமிங் உண்டு. இந்தியாவில் அதே இடத்தில் டீலக்ஸ் என்ற அடுக்கு இருக்கிறது. பழைய காலத்து கேம்களும், புதிய கேம்களைச் சில மணி நேரம் ஆடிப்பார்க்கும் வசதியும் அதில் உண்டு. கிளவுட் ஸ்ட்ரீமிங் கிடையாது. வெளிநாட்டு வீடியோக்களில் பிரீமியத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே டீலக்ஸ் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அறிமுகமானபோது இந்தியாவில் மாதச் சந்தா எசென்ஷியலுக்கு 499 ரூபாய், எக்ஸ்ட்ராவுக்கு 749, டீலக்ஸுக்கு 849. ஆண்டுச் சந்தா 2023 செப்டம்பரில் உயர்ந்து முறையே 3,949, 6,699, 7,589 ஆனது. இந்த எண்களை வைத்துக் கணக்குப் போடும் முறையைக் காட்டுகிறேன். நீங்கள் வாங்கும் நாளில் திரையில் தெரியும் தொகையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

எசென்ஷியலை எட்டு மாதம் மாதாமாதம் கட்டினால் 3,992 ரூபாய். அதாவது வருடத்தில் எட்டு மாதமோ அதற்கு மேலோ ஆன்லைனில் ஆடினால்தான் ஆண்டுச் சந்தாவில் லாபம். கோடை விடுமுறையிலும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் மட்டும் கன்சோலைத் தொடும் பிள்ளைக்கு அந்தந்த மாதம் மட்டும் கட்டுவதே மலிவு. எக்ஸ்ட்ராவில் இந்த எல்லை ஒன்பது மாதம்.

எசென்ஷியலுக்கும் எக்ஸ்ட்ராவுக்கும் ஆண்டுக்கு 2,750 ரூபாய் வித்தியாசம். தொகுப்பில் உள்ள கேம்களில் நாம் உண்மையாகவே ஆடி முடிக்கப் போகிறவை எத்தனை என்பதுதான் கேள்வி. கையில் தாளும் பேனாவுமாகத் தொகுப்பைப் பார்த்தோம். பையன் எழுதியது பதினாறு. பள்ளி நாட்களில் அவனுக்குக் கிடைக்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு மூன்றுக்கு மேல் முடியாது. அந்த மூன்றையும் தள்ளுபடியில் தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கடைப்பக்கத்தில் பார்த்து, அதோடு 2,750-ஐ ஒப்பிட்டோம். வாங்கிய கேம் நம்மிடமே தங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, எசென்ஷியலே போதும் என்று முடிவெடுத்தோம். நிறைய கேம்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் ஆளுக்கு இதே கணக்கு எக்ஸ்ட்ரா பக்கம் சாயும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஆண்டுக்கு எசென்ஷியல், மே மாதத்துக்கு மட்டும் எக்ஸ்ட்ரா" என்று செய்ய முடியாது. மேல் அடுக்குக்கு மாறினால், மிச்சமிருக்கும் சந்தாக் காலம் முழுவதற்கும் வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். ஜூனில் ஆண்டுச் சந்தா எடுத்தவர் டிசம்பரில் மாறினால் மிச்சம் ஆறு மாதம், அதற்குச் சுமார் 1,375 ரூபாய் வரும். தள்ளுபடி நேரத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வாங்கி வைத்திருப்பவருக்கு இந்தத் தொகை பெரிதாக வந்து நிற்கும். கீழ் அடுக்குக்கு இறங்குவது அடுத்த புதுப்பிப்பு நாளில்தான் நடக்கும். அதனால் முதலில் கீழ் அடுக்கில் சேருங்கள். பிறகு ஏறுவது எளிது, இறங்கக் காத்திருக்க வேண்டும்.

3. கணக்கு, வயது, அட்டை

கணக்கு தொடங்கும்போது நாடு என்ற இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பிறகு மாற்றவே முடியாது. கன்சோல் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திருந்தாலும் கவலையில்லை. கன்சோல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை விடக் கணக்கு எந்த நாட்டுடையது என்பதே முக்கியம். இந்தியக் கணக்குக்கு இந்தியாவுக்கான பரிசுக் குறியீடுதான் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் அந்த நாட்டுக் குறியீடு வீணாகும். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்குப் பொய்யான பிறந்த தேதி போட்டுப் பெரியவர் கணக்காகத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு, அதற்குள் குடும்ப உறுப்பினராகப் பிள்ளையின் கணக்கு என்பதே சரியான வரிசை. சந்தாவை உங்கள் கணக்கில் எடுங்கள். பிள்ளையின் கணக்கில் மாதச் செலவு வரம்பையும் நீங்களே வைக்கலாம். சந்தா இருந்தும் நண்பனோடு பேச முடியவில்லை, சில கேம்களில் ஆன்லைனுக்குள்ளேயே விடவில்லை என்றால், பிள்ளைக் கணக்கின் பெற்றோர் கட்டுப்பாட்டில் தகவல் தொடர்பு தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் ரௌட்டரைக் குடைந்த பிறகு காரணம் இங்கே கிடைத்தது.

அட்டையில் கட்டினால் தானாகப் புதுப்பிக்கும் வசதி அதுவாகவே இயங்கத் தொடங்கும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் போகும் தொகைக்கு முதலில் ஓடிபி கொடுத்து ஒப்புதல் தர வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்பும். 15,000 ரூபாய் வரையான தொகைக்கு அதன் பிறகு ஓடிபி கேட்காது. அதாவது, அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டால் ஒரு வருடத் தொகை சத்தமில்லாமல் போய்விடும்.

4. மாத கேம்களை ஆடாவிட்டாலும் சேர்த்துவையுங்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை புதிய மாத கேம்கள் வரும், வழக்கமாக மூன்று. அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்குள் ஒவ்வொன்றையும் நூலகத்தில் சேர்க்க வேண்டும். திரையில் `Add to Library` என்று வரும் பொத்தானை அழுத்தினால் போதும், டவுன்லோடு செய்யத் தேவையில்லை. போன் செயலியிலும் இணையக் கடையிலும்கூடச் செய்யலாம். சேர்க்கத் தவறினால் அந்தக் கேம் போனதுதான்.

சேர்த்துவைத்தவை சந்தா இருக்கும் காலமெல்லாம் உங்களுடையவை போலவே இருக்கும். சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து மறுபடி சந்தா எடுத்தால் எல்லாம் திரும்பத் திறக்கும். எக்ஸ்ட்ராவிலிருந்து எசென்ஷியலுக்கு இறங்கினாலும் இவை இருக்கும். மூன்று உரிமைகளில் நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே போவது இது ஒன்றுதான். மாதாமாதம் முதல் செவ்வாய்க்குப் போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன், வேலை ஒரு நிமிடம்தான்.

எக்ஸ்ட்ரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கனவே தொகுப்பில் இருக்கும் கேமே சில சமயம் மாத கேமாகவும் வரும். நம்மிடம்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தொகுப்பு வழியாக வந்த உரிமை போய்விடக்கூடியது. மாத கேமாகச் சேர்த்தால் தங்கும்.

5. தொகுப்பிலிருந்து கேம் வெளியேறும்போது

தொகுப்பில் புதிய கேம்கள் மாதத்தின் மூன்றாம் செவ்வாயில் சேரும், பழையவை வெளியேறுவதும் அதையொட்டியே. டவுன்லோடு செய்து கன்சோலில் வைத்திருந்தாலும் வெளியேறிய நாளிலிருந்து திறக்காது. சொந்தத் தயாரிப்புகள் போகாது என்றும் நம்ப வேண்டாம். சோனியின் ஹொரைசன் ஸீரோ டான் 2024-ல் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டது.

வெளியேறப் போகிறவற்றை `Last Chance to Play` என்ற வரிசையில் முன்கூட்டியே காட்டுவார்கள். நாற்பது மணி நேரம் பிடிக்கும் கேமைத் தொடங்கும் முன் இந்த வரிசையை ஒருமுறை பாருங்கள்.

கூடுதல் பாகம் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். முன்பு நான் வைத்திருந்த வேறொரு கேம் சந்தாவில், தொகுப்பில் இருந்த ஒரு கேமுக்குத் தனியாகக் காசு கொடுத்துக் கதையின் தொடர்ச்சியை வாங்கினேன். மூன்று வாரத்தில் மூலக் கேம் தொகுப்பை விட்டுப் போய்விட்டது. நான் வாங்கிய பாகம் என் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதை ஓட்ட மூலக் கேம் வேண்டும், அதை முழு விலைக்கு வாங்க வேண்டும். வெளியேறும் பட்டியலை நான் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். தொகுப்புக் கேமுக்குக் கூடுதல் பாகம் வாங்குவதாக இருந்தால், மூலக் கேமையும் சேர்த்து வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆறுதலான விஷயம், சேவ் கோப்பு போகாது. வெளியேறிய கேமைப் பிறகு வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிளேஸ்டேஷன் 4-க்கான பதிப்பில் ஆடியிருந்தால் அதே பதிப்பை வாங்குங்கள். 5-க்கான பதிப்பு பழைய சேவ் கோப்பைத் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், கேமுக்குக் கேம் அது மாறும்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு மாமா, இன்னைக்குப் பூட்டு போட்டிருக்கு" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, மாத கேம் ஒன்று திறக்கிறதா என்பதுதான். அதுவும் பூட்டியிருந்தால் சந்தா தீர்ந்திருக்கலாம், புதுப்பிப்பு நாளைப் பார்க்க வேண்டும். மாத கேம்கள் திறந்து இந்த ஒன்று மட்டும் பூட்டியிருந்தால் அது தொகுப்பை விட்டுப் போயிருக்கும். சந்தாவும் இருக்கிறது, கேமும் தொகுப்பில் இருக்கிறது, ஆனாலும் பூட்டு என்றால் உரிமத்தை மீட்டெடுக்க வேண்டும்:

```
Settings > Users and Accounts > Other > Restore Licenses
```

6. கிளவுட் மணிநேரத்தைக் கிகாபைட்டோடு சேர்த்துப் பாருங்கள்

இரண்டு விஷயங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரிமோட் பிளே என்பது உங்கள் வீட்டுக் கன்சோலில் ஓடும் கேமை உங்கள் போனிலோ கணினியிலோ பார்ப்பது. அதற்குச் சந்தா வேண்டாம், இந்தியாவிலும் வேலை செய்யும். கிளவுட் ஸ்ட்ரீமிங் என்றால் கேம் நிறுவனத்தின் கணினியில் ஓடும், கன்சோலே தேவையில்லை. நம் நாட்டில் டீலக்ஸ் தராதது இதைத்தான். எங்கள் கடைக்காரர் குழம்பியதும் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

கிளவுட்தான் முக்கியம் என்றால் வேறு சேவைகளைப் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸின் கிளவுட் வசதி 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது, அது கேம் பாஸ் சந்தாவோடு சேர்ந்தது. ஜிஃபோர்ஸ் நவ் வேறு வகை. அதன் கட்டணம் கணினி வாடகை மட்டுமே, கேம் தொகுப்பு அதில் கிடையாது. ஸ்டீம் போன்ற கணினி கேம் கடைகளில் நீங்கள் ஏற்கனவே வாங்கிய கேம்களை அதில் ஓட்டலாம். நானூறு கேம் வரும் என்று நினைத்து இதில் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஜிஃபோர்ஸ் நவ்வின் கட்டண அடுக்குகளுக்கு மாதம் 100 மணி நேரம் என்பது வரம்பு. 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து ஏற்கனவே இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கும். முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் மூன்று மணி இருபது நிமிடம். மிச்சமானதில் 15 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்குப் போகும். அதற்கு மேல் மிச்சமிருந்தால் இழப்புதான். தீர்ந்துபோனால் 15 மணி நேரக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கலாம். கேமை மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், எழும்போது வெளியேறிவிடுங்கள்.

மணிநேரத்தை விட நம் வீடுகளில் முதலில் தீர்வது டேட்டா. 1080p தெளிவில், நொடிக்கு 60 படம் என்ற வேகத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறார்கள். அந்த வேகம் முழுவதும் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் திட்டம் பதினோரு நிமிடம்கூடத் தாங்காது. 100 மணி நேரத்தையும் பயன்படுத்தினால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று பில்லில் பாருங்கள். படம் அவ்வப்போது மங்கி மங்கித் தெளிந்தால் முதலில் வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து நேராகக் கேபிள் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

7. பணம் கட்டிய அன்றே செய்ய வேண்டியவை

வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு சந்தா வேண்டியதில்லை. சந்தா உள்ள உங்கள் கணக்கில் நுழைந்து இதை இயக்குங்கள்:

```
Settings > Users and Accounts > Other > Console Sharing and Offline Play
```

இதன் பிறகு அந்தக் கன்சோலில் உள்ள மற்றக் கணக்குகளும் ஆன்லைனில் ஆடலாம், உங்கள் கேம்களைத் திறக்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5-இல் மட்டுமே இதை இயக்க முடியும். பிள்ளை நண்பன் வீட்டுக் கன்சோலில் தன் கணக்கில் நுழைந்தால் இந்தச் சலுகை அங்கே கூட வராது.

அடுத்து, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை சந்தா இருக்கும்:

```
Settings > Users and Accounts > Account > Payment and Subscriptions > Subscriptions
```

தவறான அடுக்கை வாங்கிவிட்டதாகத் தெரிந்தால் 14 நாளுக்குள் பணம் திருப்பிக் கேட்கலாம். பயன்படுத்திய நாட்களுக்கான தொகையைக் கழித்துக்கொள்ளக்கூடும். அதனால் முதல் வாரத்திலேயே எல்லா வசதிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சந்தாவை விடுவதாக இருந்தால் கடைசி நாளுக்கு முன்பு கிளவுடில் உள்ள சேவ் கோப்புகளைக் கன்சோலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் கோப்புகளை யுஎஸ்பியில் எடுத்துவைக்க முடியாது. கன்சோலில் ஒரு பிரதி இருப்பதுதான் பாதுகாப்பு.